டீன் மேடையேறி என்ன பேச வேண்டும்? பல்சமய ஆய்வரங்கின் தொடக்கவுரை: ஓர் எளிய விளக்கம்

தர்மபுரியில் ‘டீன்’ என்று சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது அரசு மருத்துவக் கல்லூரி டீன்தான். கலை, அறிவியல் பக்கத்திலும் டீன் உண்டு. வரலாறு, தமிழ், தத்துவம் போன்ற சில துறைகளைச் சேர்த்து ஒரு புலம் என்பார்கள். அந்தப் புலத்துக்குப் பொறுப்பானவரே டீன், தமிழில் புலத் தலைவர். துறைத் தலைவருக்கு மேலே, துணைவேந்தருக்கோ முதல்வருக்கோ கீழே இருப்பவர். கருத்தரங்கு அழைப்பிதழில் வரவேற்புரைக்கு அடுத்த வரியில் ‘தொடக்கவுரை’ என்று போட்டு இவர் பெயரை அச்சிடுவார்கள்.

அந்த வரி எதற்கு இருக்கிறது என்பதில்தான் குழப்பம். வாழ்த்துரை என்று பலர் நினைக்கிறார்கள். ஆசியுரை என்று சிலர் நினைக்கிறார்கள். பல மதங்களைப் பற்றிய ஆய்வரங்கு என்றால் குழப்பம் இன்னும் கூடிவிடும். ‘எம்மதமும் சம்மதம்’ என்று பத்து நிமிடம் பேசிக் கைதட்டு வாங்கினால் போதும் என்று பேசுகிறவரும் நினைப்பார், கேட்கிறவரும் நினைப்பார்.

அப்படி ஓர் அரங்கில் நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஊரும் கல்லூரியும் வேண்டாம். தொடக்கவுரையாற்றிய புலத் தலைவர் நல்ல மனிதர், நல்ல குரல் வளம். “எல்லா மதமும் சொல்வது ஒன்றேதான், பெயர்தான் வேறு” என்று முடித்தார். அடுத்துப் பேச வேண்டியவர் ஓர் அரபுப் பேராசிரியர். அவர் கொண்டுவந்த கட்டுரையே ஓர் இஸ்லாமியக் கருத்தைப் பக்கத்தில் இருக்கும் இந்துக் கருத்தோடு ஏன் ஒன்றாக்கிவிடக் கூடாது என்பதைப் பற்றியது. தாளைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு முதல் இரண்டு பக்கத்தை விட்டுவிட்டு மூன்றாம் பக்கத்திலிருந்து வாசித்தார். தலைவர் சொன்னதை மறுப்பது மரியாதை இல்லை என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நாங்கள் கேட்க வந்த பகுதி அந்த இரண்டு பக்கத்தில்தான் இருந்தது.

அன்று என்ன தவறிப்போனது, அந்தப் பத்து நிமிடத்தில் உண்மையில் என்ன நடக்க வேண்டும் என்பதை ஒன்றும் தெரியாதவருக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில், இது என்ன கூட்டம்?

மதங்களைப் பற்றிப் பேசும் கூட்டங்கள் நம் ஊரில் மூன்று வகை. மூன்றுக்கும் ஒரே ஷாமியானா, ஒரே மைக் செட் என்பதால் மூன்றும் ஒன்று போலத் தெரியும்.

ஒன்று நல்லிணக்கக் கூட்டம். ஊரில் பதற்றம் வந்தால் கோயில் தர்மகர்த்தா, ஜமாத் முத்தவல்லி, பங்குத்தந்தை மூவரும் ஒரே மேடையில் உட்காருவார்கள். ஊர் அமைதியாக இருக்க வேண்டும், அதுவே நோக்கம். அங்கே வேறுபாட்டைப் பேச மாட்டார்கள், பேசவும் கூடாது.

இரண்டாவது வாதம். இது தமிழுக்கு மிகப் பழையது. மணிமேகலையின் 27ஆம் காதைக்குப் பெயரே ‘சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதை’. வஞ்சி நகரில் மணிமேகலை ஒவ்வொரு சமயத்தாரிடமும் போய் உங்கள் கொள்கையைச் சொல்லுங்கள் என்று கேட்கிறாள். கண்ணால் கண்டதை மட்டுமே நம்புவேன் என்கிற பூதவாதியிடம், உன் தாய் தந்தை யார் என்பதை அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிந்தாய் என்று மடக்குகிறாள். 13ஆம் நூற்றாண்டின் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் பரபக்கம் என்று ஒரு பாதியே இருக்கிறது. பிறர் கொள்கையை முதலில் எடுத்துச் சொல்லி, பின்பு மறுப்பது அதன் முறை. பிறர் சொல்வதைக் கவனமாகக் கேட்கும் பழக்கம் இரண்டு நூல்களிலும் இருக்கிறது. ஆனால் கேட்பது கடைசியில் தன் பக்கம் வெல்வதற்காக.

மூன்றாவதுதான் பல்சமய ஆய்வு. வெவ்வேறு சமயங்களைக் கற்றவர்கள் ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு, தத்தம் நூல்களையும் வழக்கங்களையும் ஆதாரமாக வைத்து, ஒருவர் மற்றவருக்கு விளக்குவது. இங்கே வெற்றி தோல்வி இல்லை. ஒற்றுமையைக் காட்டியாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கூட்டம் முடியும்போது வேறுபாடு காலையில் தெரிந்ததைவிடத் தெளிவாகத் தெரிந்தால் அதுவும் பலன்தான்.

சுருக்கமாக: நல்லிணக்கக் கூட்டத்தில் வேறுபாட்டை ஒதுக்குகிறோம், வாதத்தில் வேறுபாட்டை ஆயுதமாக எடுக்கிறோம், ஆய்வில் வேறுபாட்டையே படிக்கிறோம். நான் பார்த்த அரங்கில் தலைவர் முதல் வகைக் கூட்டத்தின் பேச்சை மூன்றாம் வகைக் கூட்டத்தில் பேசிவிட்டார்.

மாங்காய் மண்டியில் ஒரு பாடம்

கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழ சீசனில் மண்டிக்குப் போனவர்களுக்கு இது உடனே புரியும். பெங்களூரா ஒரு பக்கம் குவிந்திருக்கும், மல்கோவா ஒரு பக்கம். எது நல்ல மாம்பழம் என்று கேட்டால் மண்டிக்காரர், “எதுக்குங்க?” என்று திருப்பிக் கேட்பார். கூழ் ஆலைக்கு என்றால் பெங்களூரா. வீட்டில் நறுக்கித் தின்ன என்றால் மல்கோவா. ‘எதற்கு’ என்று சொல்லாமல் இரண்டையும் ஒப்பிட முடியாது.

மதங்களை ஒப்பிடும்போதும் அதே கதைதான். எதைப் பொறுத்து ஒப்பிடுகிறோம் என்ற அந்த ‘எதற்கு’வை ஒப்பீட்டுப் புள்ளி என்று வைத்துக்கொள்வோம். ‘இந்து மதமும் இஸ்லாமும்’ என்று தலைப்பு வைத்தால் ஒப்பீட்டுப் புள்ளியே கிடையாது. பேசுகிறவர் தன் பக்கத்தில் இனிப்பை எடுப்பார், அடுத்தவர் பக்கத்தில் நாரை எடுப்பார். ‘கடவுளுக்குக் கொடுத்த வாக்கை மனிதன் எப்படி நிறைவேற்றுகிறான்’ என்று வைத்தால் ஒரு புள்ளி கிடைத்துவிடும்.

தொடக்கவுரையின் முதல் வேலை இந்தப் புள்ளியை எல்லோர் முன்பும் ஊன்றிவைப்பது. மைய உரையாளர் அதைச் செய்ய மாட்டார், அவருக்குத் தன் கட்டுரை இருக்கிறது. வரவேற்புரையாளருக்குப் பெயர்ப் பட்டியல் வாசிக்கவே நேரம் போதாது. எந்தக் கட்டுரையும் தன்னுடையதாக இல்லாமல் எல்லாக் கட்டுரைக்கும் பொதுவாக நிற்பவர் புலத் தலைவர் ஒருவரே. அதனால்தான் இந்த வேலை அவருக்கு வந்து சேர்கிறது.

ஒரு சொல்லை எடுத்துப் பார்ப்போம்: நேர்ச்சை

தர்மபுரியில் ஒரு கல்லூரி ‘நேர்ச்சை’ என்ற தலைப்பில் ஒருநாள் ஆய்வரங்கு நடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல தலைப்பு. நேர்தல் என்றால் உடன்படுதல், வாக்குக் கொடுத்தல். அந்த வேரிலிருந்துதான் நேர்த்திக்கடன், நேர்ச்சை, நேர்ந்துவிட்ட ஆடு எல்லாம் வருகின்றன. ஒரே வேரை மூன்று சமயத்தாரும் வீட்டில் பேசுகிறார்கள்.

ஒரே சொல் என்பதால் ஒரே பொருள் என்று நினைத்துவிடுவதே இதில் உள்ள கண்ணி. ஒவ்வொன்றாகப் பார்த்தால் தெரியும்.

அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலுக்குத் தேய்பிறை அஷ்டமியில் போனால், சாம்பல் பூசணியை இரண்டாக வெட்டி உள்ளே குடைந்து எண்ணெய் ஊற்றித் திரி போட்டு வரிசையாக ஏற்றியிருப்பதைப் பார்க்கலாம். ஏற்றுகிறவரிடம் கேட்டால், “வேண்டிக்கிட்டேன், நடந்துச்சு, அதான்” என்பார். முன்னால் வேண்டுதல், பின்னால் நேர்த்தி. நேர்த்திக்கடன் என்ற சொல்லிலேயே ‘கடன்’ இருக்கிறது. செய்யாமல் விட்டால் கடன் நிற்கும், தெய்வம் கேட்கும் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. ஆனால் ஆகமம் படித்த குருக்களும், குலதெய்வத்துக்குக் கிடா வெட்டும் பூசாரியும், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு ஒரே பதில் சொல்ல மாட்டார்கள்.

முஸ்லிம்கள் தமிழ்க் குர்ஆன் மொழிபெயர்ப்புகளில் ‘நேர்ச்சை’ என்று வாசிப்பது அரபியில் ‘நத்ர்’. அது ஒரு வணக்கம், ஆகவே அல்லாஹ்வுக்கு மட்டுமே உரியது. இறைவனுக்குக் கட்டுப்படும் காரியத்தை நேர்ந்தால் நிறைவேற்றியே ஆக வேண்டும், மாறு செய்யும் காரியத்தை நேர்ந்தால் நிறைவேற்றக் கூடாது. அதே சமயம், நேர்ச்சை விதியை மாற்றிவிடாது, கஞ்சனிடமிருந்து பொருளை வெளியே கொண்டுவர மட்டும் அது உதவும் என்ற கருத்தில் நபிமொழியும் உண்டு. தர்காவில் நேர்வதைப் பற்றி முஸ்லிம்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. கூடவே கூடாது என்பவர்கள் ஒரு பக்கம். நேர்ச்சை அல்லாஹ்வுக்குத்தான், அதன் நன்மையை மட்டும் இறைநேசருக்குச் சேர்ப்பிக்கிறோம் என்பவர்கள் இன்னொரு பக்கம்.

கிறிஸ்தவத் தமிழில் பொருத்தனை என்ற சொல்லும் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி அது கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு. மனமறிந்து, சுதந்திரமாக, செய்யக்கூடிய நல்ல காரியம் ஒன்றைப் பற்றிக் கொடுத்ததாக இருக்க வேண்டும். வேளாங்கண்ணிக்கு நடந்துபோகிறேன் என்று நேர்ந்துகொண்டாலும் இறையியல்படி வாக்கு கடவுளுக்கே, மாதா பரிந்து பேசுகிறவர். நேர்ந்துகொண்டு செய்யாமல் விடுவதைவிட நேராமலிருப்பதே மேல் என்கிறது விவிலியத்தின் சபை உரையாளர் நூல். சீர்திருத்தச் சபைகளின் முன்னோடியான மார்ட்டின் லூதர் துறவற வாக்குகளை 1521இலேயே கடுமையாக விமர்சித்தார். இன்றும் அச்சபைகளின் ஆராதனையில் பொருத்தனைக் காணிக்கை வாசிக்கக் கேட்கலாம்.

இப்போது ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று சொல்லிப் பாருங்கள். யாருக்கு வாக்கு, செய்யாவிட்டால் என்ன ஆகும், இடையில் யாராவது உண்டா, நேர்வது நல்லதா அல்லது பொறுத்துக்கொள்ளப்படுவதா என்ற நான்கு கேள்விகளும் ஒரே அடியில் காணாமல் போய்விடும். ஆய்வரங்கில் பேச இருந்ததே அந்த நான்குதான்.

சுருக்கமாக: பொதுச் சொல் ஒன்று கிடைத்தால் அது ஆய்வின் தொடக்கம், முடிவு அல்ல. தொடக்கவுரை அந்தச் சொல்லை நீட்டி, இதற்குள் எத்தனை பொருள் என்று கேட்க வேண்டும்.

உள்ளிருந்து பார்ப்பதும் வெளியிலிருந்து பார்ப்பதும்

பூசணி விளக்கு ஏற்றும் அம்மாவிடம் கேட்டால் “பைரவருக்குக் கடன்” என்பார். மானிடவியல் படித்த ஒருவர், குடும்பம் நெருக்கடியில் இருக்கும்போது மனத்துக்கு ஒரு பிடிமானம் என்பார். முதலாவது அகப்பார்வை, அதாவது அந்த வழக்கத்துக்கு உள்ளே வாழ்பவர் சொல்லும் விளக்கம். இரண்டாவது புறப்பார்வை, வெளியே நின்று ஆராய்பவர் சொல்லும் விளக்கம்.

பல்சமய ஆய்வில் இரண்டும் வேண்டும். ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைத்துவிட்டால் சண்டை வரும். “இது வெறும் மனப் பிடிமானம்” என்று புறப்பார்வைக்காரர் சொன்னால் அம்மா அவமதிக்கப்படுகிறார். “பைரவர் கேட்டார், அவ்வளவுதான்” என்று நிறுத்திக்கொண்டால் ஆய்வு நடக்கவில்லை. இதற்கு ஆய்வாளர்கள் கண்ட வழி, தீர்ப்பை ஒதுக்கிவைத்தல். பைரவர் உண்மையில் கேட்டாரா, இல்லையா என்ற கேள்வியை இன்று ஒரு நாள் மூடியும் வைக்காமல் திறந்தும் வைக்காமல் ஓரமாக வைத்துவிட்டு, அவர் அப்படி நம்புவதால் என்ன செய்கிறார், எப்படிச் செய்கிறார் என்று பார்ப்பது.

தன் நம்பிக்கையைக் கைவிடச் சொல்கிறார்கள் என்று இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறவர்கள் உண்டு. அப்படியில்லை. நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும்போது தன் தீர்ப்பைச் சொல்லாமல் கண்டதை மட்டும் சொல்வதைப் போன்றது இது. வீட்டுக்குப் போய்த் தன் பூசையையோ தொழுகையையோ செய்வதற்கு எந்தத் தடையும் இல்லை. தொடக்கவுரையில் இதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டால், முன்வரிசையில் இறுகிய முகத்தோடு உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் கொஞ்சம் சாய்ந்து உட்காருவார்கள்.

ஒரு டீன் சொன்ன மூன்று விதிகள்

இந்தத் துறையில் அதிகமாக எடுத்துச் சொல்லப்படும் விதிகளைத் தந்தவரும் ஒரு டீன்தான். கிறிஸ்டர் ஸ்டெண்டால், சுவீடனைச் சேர்ந்த லூத்தரன் இறையியலாளர். அமெரிக்காவின் ஹார்வர்டு இறையியல் பள்ளியில் டீனாக இருந்துவிட்டுப் பிறகு ஸ்டாக்ஹோம் ஆயரானார். 1985இல் அங்கே மோர்மன் சபையார் ஒரு கோயில் கட்டியபோது எதிர்ப்பு எழுந்தது. அப்போது ஒரு செய்தியாளர் கூட்டத்தில், பிற சமயத்தைப் புரிந்துகொள்ள மூன்று விதிகள் சொன்னார்.

முதல் விதி: ஒரு மதத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள அதைப் பின்பற்றுகிறவர்களைக் கேளுங்கள், அதன் எதிரிகளைக் கேட்காதீர்கள். இரண்டாவது: உங்களிடம் உள்ள சிறந்ததை அவர்களிடம் உள்ள மோசமானதோடு ஒப்பிடாதீர்கள். மூன்றாவது: அடுத்தவரிடம் இருப்பதைப் பார்த்து, ‘இது நம்மிடமும் இருந்திருக்கலாமே’ என்று ஏங்க மனத்தில் கொஞ்சம் இடம் வையுங்கள். இந்த மூன்றாவதைத் தூய பொறாமை என்று குறிப்பிட்டார். பொறாமை என்றால் பறிப்பது அல்ல. நோன்பு திறக்கும் நேரத்தில் ஒரு தெருவே ஒரு தட்டைச் சுற்றி உட்காருவதைப் பார்த்து, ‘எங்கள் ஏகாதசி விரதத்தை ஒவ்வொருவரும் தனியாகத்தானே முடிக்கிறோம்’ என்று ஒரு வைணவருக்குத் தோன்றினால் அதுதான்.

இரண்டாம் விதியை மேடையில் சொல்வது எளிது, கடைப்பிடிப்பது கடினம். நேர்ச்சையையே எடுத்துக்கொள்ளுங்கள். தன் பக்கத்துக்கு ஆகமத்தையோ குர்ஆனையோ விவிலியத்தையோ காட்டிவிட்டு, அடுத்தவர் பக்கத்துக்குத் திருவிழாக் கூட்டத்தில் பார்த்த ஒரு காட்சியைக் காட்டுவோம். நூலோடு நூலை ஒப்பிடலாம், வழக்கத்தோடு வழக்கத்தை ஒப்பிடலாம். நூலோடு வழக்கத்தை ஒப்பிட்டால் எப்போதும் நூல்தான் ஜெயிக்கும், அந்த நூல் யாருடையதாக இருந்தாலும். கட்டுரையாளர்கள் இதைத் தெரிந்தே செய்வதில்லை. தெரியாமலேயே நடந்துவிடும் என்பதால்தான் காலையிலேயே சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது.

முதல் விதிக்கும் ஓர் எல்லை உண்டு. பின்பற்றுகிறவரைக் கேள் என்றால், எந்தப் பின்பற்றுகிறவரை? தர்காவுக்குப் போகிறவரையா, போகக் கூடாது என்கிறவரையா? ஒரே ஒருவரை அழைத்து, இவர் இஸ்லாமின் குரல், இவர் கிறிஸ்தவத்தின் குரல் என்று அறிமுகப்படுத்தினால், அவர் தோளில் கோடிக்கணக்கானவர்களை ஏற்றிவிடுகிறோம். “இவர் இந்த மரபை இந்த நூல்களின் வழியே படித்தவர்” என்று அறிமுகம் செய்தால் போதும். பேசுகிறவருக்கும் மூச்சு விட இடம் கிடைக்கும்.

நாமா, நாங்களா?

நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். நம் மேடைகளில் அடிக்கடி கேட்கும் ஒரு வாக்கியம்: “நம் இஸ்லாமியச் சகோதரர்களும் கிறிஸ்தவச் சகோதரர்களும் வந்திருக்கிறார்கள்.” சொல்கிறவர் மனத்தில் அன்புதான் இருக்கிறது, சந்தேகமே இல்லை. ஆனால் அதே மேடையில் யாரும் ‘நம் இந்துச் சகோதரர்கள்’ என்று சொல்வதில்லை. ஒரு சாரார் வீட்டுக்காரர், மற்றவர் விருந்தாளி என்று அந்த ஒரு வாக்கியம் பிரித்துவிடுகிறது. விருந்தாளி வீட்டுக்காரரை மறுத்துப் பேச மாட்டார். ஆய்வரங்கில் மறுத்துப் பேசாவிட்டால் வந்ததே வீண்.

தமிழில் ‘நாம்’ என்றால் கேட்பவரும் உள்ளே. ‘நாங்கள்’ என்றால் கேட்பவர் வெளியே. இந்த வேறுபாடு பல மொழிகளில் கிடையாது, நமக்கு இருக்கிறது. ஆகவே தொடக்கவுரையை எழுதி முடித்ததும் ஒரு பென்சிலை எடுத்து ஒவ்வொரு ‘நாம்’, ‘நம்’, ‘நமது’ சொல்லையும் வட்டமிட்டுப் பாருங்கள். ‘நம் முன்னோர் கோயில்களில்’ என்று வந்தால் அந்த ‘நம்’மில் அரபுப் பேராசிரியர் இருக்கிறாரா? இல்லையென்றால் ‘இந்த ஊர்க் கோயில்களில்’ என்று மாற்றிவிடலாம். ‘நாம் இன்று ஒரு சொல்லைப் படிக்க வந்திருக்கிறோம்’ என்றால் அந்த ‘நாம்’ சரி, அரங்கில் எல்லோரும் அதற்குள் வருவார்கள். நான் பார்த்த ஓர் உரையில் இப்படி வட்டமிட்டபோது பதினொரு ‘நம்’ இருந்தது, ஏழு மாற்ற வேண்டியிருந்தது.

குத்துவிளக்கும் இந்தக் கேள்வியோடு சேர்ந்தே வரும். ஏற்றுவது நம் கல்லூரி மரபு, சிலர் ஏற்றத் தயங்குவதும் உண்டு. மேடையில் மெழுகுவத்தியைக் கையில் கொடுத்துவிட்டுத் தர்மசங்கடப்படுத்தாமல், முந்தின நாளே தொலைபேசியில் கேட்டுவிடலாம். வெள்ளிக்கிழமை வைத்தால் ஜும்மா நேரத்துக்கு இடைவேளை விட வேண்டும். இவற்றை உரையில் பேச வேண்டியதில்லை, நிகழ்ச்சி நிரலில் சரி செய்தாலே போதும்.

உள்ளூர் வரலாற்றைத் தொடும்போது

தொடக்கவுரையில் ஊர்ப் பெருமை வருவது இயல்பு. தகடூர், அதியமான், ஔவை என்று தொடங்காத தர்மபுரி மேடை குறைவு. பல்சமய ஆய்வுக்கு இந்த மண்ணில் இன்னும் பொருத்தமான சான்று ஒன்று இருக்கிறது. சக ஆண்டு 815, அதாவது கி.பி. 893ஐச் சேர்ந்த கன்னடக் கல்வெட்டு. நுளம்ப அரசன் மகேந்திரன் காலத்தது. ஒரு செட்டியின் மகன்கள் இரண்டு பேர் தகடூரில் ஒரு சமணப் பள்ளி கட்டியதையும், அதற்கு ஓர் ஊர் தானமாகக் கிடைத்ததையும் அது சொல்கிறது.

இதை வைத்து, “அன்றே இங்கு எல்லா மதத்தவரும் ஒற்றுமையாக வாழ்ந்தார்கள்” என்று சொல்லிவிட நாக்கு துடிக்கும். கல்வெட்டு அப்படிச் சொல்லவில்லை. கட்டினார்கள், தானம் கிடைத்தது, அவ்வளவுதான் அதில் இருக்கிறது. பக்கத்தில் இருந்த சைவர்கள் மகிழ்ந்தார்களா, முகம் சுளித்தார்களா என்பதற்கு அதில் ஒரு வரியும் இல்லை. ஆய்வரங்கின் தலைவர் ஆதாரத்தைத் தாண்டி ஒரு அடி வைத்தால், அதன் பிறகு கட்டுரையாளரிடம் ஆதாரம் கேட்கும் தகுதி அவருக்குக் குறைந்துவிடும். “ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கே கன்னடம் எழுதியவர்கள், சமணப் பள்ளி கட்டியவர்கள் இருந்தார்கள். அவர்கள் அக்கம்பக்கத்தாரோடு எப்படி வாழ்ந்தார்கள் என்பது இன்னும் கேள்வியாகவே இருக்கிறது” என்று சொன்னால் ஊர்ப் பெருமையும் குறையாது, நேர்மையும் குறையாது.

பத்து நிமிட உரை, வரிவரியாக

இப்போது நேர்ச்சை அரங்கின் உரையை எழுதிப் பார்க்கலாம். நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 90 சொல் வரும். ஆகப் பத்து நிமிடத்துக்கு 900 சொல், தாளில் மூன்று பக்கம். மேடையில் உள்ளோரை ஒவ்வொருவராக விளிப்பதில் இரண்டு நிமிடம் போய்விடும் என்பதால், பெயர்களை வரவேற்புரைக்கு விட்டுவிட்டு ‘அவையோர் அனைவருக்கும் வணக்கம்’ என்று ஒரே வரியில் முடித்துக்கொள்வது நல்லது.

முதல் பத்தியில் காட்சி: “போன அஷ்டமியன்று அதியமான்கோட்டையில் ஒரு அம்மா பூசணியில் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். அதே வாரம் ஒரு தர்காவில் ஒருவர் போர்வை கொண்டுவந்து கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆலயத்தில் பொருத்தனைக் காணிக்கை வாசித்தார்கள். மூன்று பேரையும் கேட்டால் ‘நேர்ந்துகிட்டேன்’ என்றுதான் சொல்வார்கள்.” இதில் உயர்வு தாழ்வு எதுவும் இல்லை, மூன்றும் வழக்கத்தோடு வழக்கம்.

இரண்டாம் பத்தியில் கேள்வி: “ஒரே சொல்லைச் சொல்லும் இந்த மூவரும் ஒரே காரியத்தைச் செய்கிறார்களா? இன்றைய நாள் முழுவதும் இந்த ஒரு கேள்விக்குத்தான்.” இதை இரண்டு முறை மெதுவாகச் சொல்ல வேண்டும், பின்வரிசை மாணவர்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும் அளவுக்கு.

மூன்றாம் பத்தியில் முறை: “யாருடைய நம்பிக்கை சரி என்று இன்று தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. நூலை நூலோடும் வழக்கத்தை வழக்கத்தோடும் வைத்துப் பார்ப்போம். இங்கே பேசுகிறவர்கள் தாங்கள் படித்ததைப் பேசுகிறார்கள், தங்கள் மதத்தவர் அனைவருக்குமாகப் பேசவில்லை.” அகப்பார்வை, புறப்பார்வை என்ற கலைச்சொற்களை மேடையில் சொல்ல வேண்டியதில்லை, அவற்றின் பொருள் இந்த மூன்று வாக்கியத்திலேயே வந்துவிட்டது.

நான்காம் பத்திதான் அன்று அந்த அரங்கில் இல்லாமல் போனது. “வேறுபாடு தெரிந்தால் தயங்காமல் சொல்லுங்கள். நான் இப்போது சொன்னதில் தவறு இருந்தாலும் சொல்லுங்கள்.” நம் ஊரில் தலைவர் வாயால் இந்த அனுமதி வராவிட்டால் யாரும் அதை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இளைய ஆய்வாளர் என்றால் நிச்சயம் எடுத்துக்கொள்ள மாட்டார்.

கடைசியில் எல்லை: நேர்ச்சையைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது, விலங்குப் பலி சரியா, மதமாற்றம் போன்றவை இன்றைய பேச்சில் வராது என்று பெயர் சொல்லியே ஒதுக்கிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் மதியக் கேள்வி நேரத்தில் முதல் கை அதற்குத்தான் உயரும். அதற்குப் பிறகு வேறு எதையும் பேச முடியாது.

பலித்ததா என்று எப்படித் தெரியும்?

கைதட்டலை வைத்துச் சொல்ல முடியாது. சாப்பாட்டுக்குப் பிறகு வரும் கேள்விகளை வைத்துத்தான் தெரியும். “எங்கள் மதத்தில் இப்படி, உங்கள் மதத்தில் ஏன் அப்படி?” என்று கேள்விகள் வந்தால் ஒப்பீட்டுப் புள்ளி காலையில் ஊன்றவில்லை என்று பொருள். எல்லோரும் எழுந்து அருமை, அருமை என்று மட்டும் சொன்னால், மறுக்க அனுமதி கிடைத்தது என்பதை அவை நம்பவில்லை.

“நத்ரை நிறைவேற்ற முடியாமல் போனால் பரிகாரம் உண்டு என்றீர்களே, நேர்த்திக்கடனில் அப்படி ஏதாவது உண்டா?” என்று ஒரு மாணவி எழுந்து கேட்டு, குருக்கள் மரபில் படித்தவர் கொஞ்சம் யோசித்து, “எங்கள் பக்கம் தாமதமானால் தெய்வத்திடம் மன்னிப்புக் கேட்டு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பார்கள், அதைப் பரிகாரம் என்று சொல்லலாமா என்று நானும் பார்க்க வேண்டும்” என்று பதில் சொன்னால், காலையில் பேசிய அந்தப் பத்து நிமிடம் தன் வேலையைச் செய்துவிட்டது.